பள்ளி ஆய்வகத்தில் கச்சா எண்ணெய் வடித்தல்: தென்படும் கோளாறுகளும் அவற்றின் காரணங்களும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துப் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் பின்னக் காய்ச்சி வடித்தலைச் செய்து காட்டும் ஆசிரியர்களுக்காகவும், பக்கத்தில் நின்று கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஆய்வக உதவியாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பாடநூலில் உள்ள கோபுரப் படம் எங்கும் தடுமாறுவதில்லை. மேசை மேல் பூட்டிய கண்ணாடிக் கருவி தடுமாறும். அப்படித் தடுமாறும்போது கண்ணுக்குத் தெரிவது எது, அதற்குக் காரணம் எது, சரிசெய்வது எப்படி என்ற வரிசையில் கீழே சொல்லியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாக் கோளாறுகளும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: நீளமான கார்பன் சங்கிலி கொண்ட மூலக்கூறு ஏன் தாமதமாக ஆவியாகிறது?

உண்மையான கச்சா எண்ணெயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் இருப்பதால், மாணவர்கள் முன்னிலையில் மாதிரிக் கலவையைப் பயன்படுத்துவதே முறை. நான் இங்கே மனத்தில் வைத்திருக்கும் கலவை 100 மில்லி லிட்டர்: 40–60 டிகிரியில் கொதிக்கும் பெட்ரோலியம் ஈதர் 20, 100–120 டிகிரியில் கொதிக்கும் பெட்ரோலியம் ஈதர் 25, மண்ணெண்ணெய் 30, லிக்விட் பாரஃபின் 25 மில்லி. இது 250 மில்லி குடுவையில், போர்சலின் சில்லுகள் சிலவற்றுடன் இருக்கிறது. குடுவையின் மேல் கண்ணாடி மணிகள் நிரப்பிய தூண், அதன் உச்சியில் 360 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர், பக்கவாட்டில் நீர் ஓடும் கண்டென்சர். சூடாக்குவதற்கு மின்சார ஹீட்டிங் மேண்டில் மட்டுமே. இந்தக் கலவைக்கு அருகில் பன்சன் சுடரோ ஸ்பிரிட் விளக்கோ இருக்கக் கூடாது. வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ். காரைக்குடி கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் குறைவான உயரத்திலேயே இருப்பதால், நூல்களில் உள்ள கொதிநிலைகளை உயரத்துக்காகத் திருத்த வேண்டியதில்லை.

குடுவை கொதிக்கிறது, தெர்மாமீட்டர் ஏறவில்லை

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு மின்விசிறி ஓடாத ஆய்வகம் இல்லை. அதன் காற்று நேராகத் தூணின் மீது விழுந்தால், மேலேறும் ஆவி உச்சியை அடைவதற்கு முன்பே குளிர்ந்து குடுவைக்குத் திரும்பிவிடும். விசிறியை நிறுத்திவிட்டு, சுவரிலுள்ள வெளியேற்று விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். தூணைக் கண்ணாடிப் பஞ்சால் சுற்றி, அதன் மேல் அலுமினியத் தாளைப் போர்த்துங்கள். அப்போதும் ஏறாவிட்டால் தெர்மாமீட்டரின் குமிழ் இருக்கும் இடத்தைச் சரிபார்க்க வேண்டும். குமிழின் மேல்விளிம்பு பக்கக்குழாயின் கீழ்விளிம்பை ஒட்டி இருப்பதே சரி. அதற்கு மேலே இருந்தால், கண்டென்சருக்குத் திரும்பும் ஆவி அதை நனைக்காமலே போய்விடும். காட்டும் எண் உண்மையைவிடக் குறையும். மிகக் கீழே இறங்கியிருந்தால், உச்சியை இன்னும் அடையாத சூடான ஆவியை அளந்து, கூடுதலாகக் காட்டும்.

அறையெங்கும் நெடி, சேகரித்த முதல் பகுதியோ சொற்பம்

இது சித்திரை, வைகாசியில் இங்கே தவறாமல் வரும் கோளாறு. கண்டென்சருக்கு நீர் மாடித் தொட்டியிலிருந்து வருகிறது. பிற்பகலில் அந்த நீர் கையில் பட்டாலே சுடும். 40 டிகிரியை ஒட்டியிருக்கும். நம் கலவையின் முதல் பகுதியில் உள்ள பென்டேனின் கொதிநிலையோ 36 டிகிரி. கொதிநிலையைவிடச் சூடான குழாய்க்குள் நுழையும் ஆவி திரவமாவதற்கு வழியே இல்லை. கண்டென்சரில் நீர் ஓடுவதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறோம். நீர் ஓடினால் போதாது, அது ஆவியின் கொதிநிலையைவிட நன்றாகக் குளிர்ந்தும் இருக்க வேண்டும்.

வாளியில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, மீன்தொட்டிக்கு வைக்கும் சிறு பம்பினால் அந்த நீரைக் கண்டென்சரில் சுற்றவிடுங்கள். சேகரிக்கும் குழாயையும் ஐஸ் நிரம்பிய பீக்கருக்குள் வையுங்கள். இழப்பு நின்றுவிட்டதா என்பதை அளந்தே தெரிந்துகொள்ளலாம். எல்லாப் பகுதிகளின் அளவையும் குடுவையில் எஞ்சியதையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 100க்குக் கணிசமாகக் குறைந்து, அந்தக் குறை முதல் பகுதியிலேயே இருந்தால், போனது குறுஞ்சங்கிலிகள்தான். அவை ஆவியாகவே அறையில் கலந்திருக்கின்றன என்பதால், இது அளவுக் கணக்கோடு நின்றுவிடும் பிரச்சினை அல்ல, தீப்பிடிக்கும் அபாயமும்கூட.

துளிகள் பால்போல் கலங்கி விழுகின்றன, குடுவை திடீரெனத் தூக்கிப்போடுகிறது

குடுவையில் நீர் புகுந்திருக்கிறது. கழுவிய குடுவையை நன்றாக உலர்த்தாமல் பூட்டியதாலோ, மண்ணெண்ணெய் டப்பாவின் அடியில் தங்கியிருந்த நீரும் சேர்ந்து ஊற்றப்பட்டதாலோ இது நேரும். நீர் எண்ணெயைவிடக் கனமானது. குடுவையின் அடியில் தேங்கும். மேலே உள்ள எண்ணெய் சூடேறியபின் அடியிலுள்ள நீர் ஒரே மூச்சில் ஆவியாகும்போதுதான் அந்த உதறல் வருகிறது.

இந்தக் கோளாறில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 100 டிகிரிக்கு மேல் வர வேண்டிய பகுதி, 80–90 டிகிரியிலேயே வரத் தொடங்கிவிடும். தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று பலர் அதை மாற்றப் போய்விடுகிறார்கள். தெர்மாமீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. ஆக்டேனை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். தனியாக இருக்கும்போது ஆக்டேனின் கொதிநிலை 126 டிகிரி. ஒரு திரவத்தின் ஆவியழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தமான 760 மில்லிமீட்டர் பாதரசத்தை எட்டும்போது அது கொதிக்கிறது. 90 டிகிரியில் ஆக்டேனின் ஆவியழுத்தம் சுமார் 250 மட்டுமே. ஆனால் அதே வெப்பநிலையில் நீரின் ஆவியழுத்தம் சுமார் 525. இரண்டும் ஒன்றிலொன்று கரையாதவை என்பதால் ஒன்றன் ஆவியழுத்தத்தை மற்றது குறைப்பதில்லை. இரண்டும் அப்படியே கூடுகின்றன. கூட்டுத்தொகை 775, அதாவது 760ஐத் தாண்டிவிட்டது. ஆகவே 90 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே இரண்டும் சேர்ந்து கொதித்துவிடுகின்றன. வரும் துளியில் எடைக்கணக்கில் ஒரு பங்கு நீரோடு சுமார் மூன்று பங்கு ஆக்டேன் இருக்கும். நீர் தீர்ந்ததும் தெர்மாமீட்டர் சட்டென்று மேலேறும்.

மேண்டிலை அணைத்து, குடுவை முழுவதும் ஆறியபின் கலவையை வேறு குடுவைக்கு மாற்றி, நீரற்ற கால்சியம் குளோரைடைச் சேர்த்துக் குலுக்கி, தெளிந்தபின் வடிகட்டி, புதிய போர்சலின் சில்லுகளுடன் மறுபடியும் தொடங்குங்கள். சூடான திரவத்துக்குள் சில்லைப் போடவே கூடாது. அந்தக் கணமே பொங்கி வெளியே வரும். சுத்திகரிப்பு ஆலைகளிலும் கச்சா எண்ணெய் கோபுரத்துக்குள் நுழைவதற்கு முன்பே அதிலுள்ள உப்புநீரைப் பிரித்தெடுத்துவிடுகிறார்கள்.

பாதியில் வெப்பநிலை இறங்குகிறது

முதல் பகுதி வடிந்து முடிந்ததும் 60ஐத் தொட்டிருந்த தெர்மாமீட்டர் 50க்கு இறங்கினால் பதற வேண்டாம். குறுஞ்சங்கிலிகள் தீர்ந்துவிட்டன, அடுத்த பகுதியை மேலேற்ற இப்போதுள்ள சூடு போதவில்லை, உச்சியில் ஆவியே இல்லாததால் குமிழ் ஆறுகிறது. நம் மாதிரிக் கலவையில் 60க்கும் 100க்கும் இடையே கொதிப்பது அதிகம் இல்லை என்பதால் இந்த இறக்கம் தெளிவாகத் தெரியும். சேகரிக்கும் குழாயை மாற்ற இதைவிட நல்ல தருணம் கிடையாது. மாற்றிவிட்டு மேண்டிலின் சூட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். உண்மையான கச்சா எண்ணெயில் இப்படி இடைவெளி இருக்காது. அங்கே சங்கிலிகள் எல்லா நீளத்திலும் இருப்பதால் வெப்பநிலை படிப்படியாக நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். எங்கே வெட்டுவது என்பதை ஆலைதான் முடிவு செய்கிறது.

பகுதிகள் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன

இரண்டாம் பகுதியில் சில துளிகளை வாட்ச் கிளாஸில் விட்டுப் பார்த்தால், ஒரு பங்கு சீக்கிரம் காய்ந்துவிட்டு மறு பங்கு எண்ணெய்ப் பிசுக்காகத் தங்கியிருக்கும். வெப்பம் அதிகமாகிவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். தூணையும் உற்றுப் பாருங்கள்: மணிகளுக்கு நடுவே திரவம் தேங்கித் தளும்பிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். மேலேறும் ஆவியின் வேகம் கீழிறங்கும் திரவத்தை இறங்கவிடாமல் தடுக்கிறது. சூட்டைக் குறைத்து, துளி நொடிக்கு ஒன்றாக விழும் வேகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

நிதானம் எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஹெக்சேன், ஆக்டேன் இரண்டும் மூலக்கூறு எண்ணிக்கையில் சரிபாதியாக உள்ள கலவையை எடுத்துக்கொள்வோம். அது சுமார் 87 டிகிரியில் கொதிக்கும். அந்த வெப்பநிலையில் ஹெக்சேனின் ஆவியழுத்தம் ஆக்டேனுடையதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. ஆகவே திரவத்தில் 50 சதவீதமாக இருந்த ஹெக்சேன், ஆவியில் 85 சதவீதம் ஆகிவிடுகிறது. அந்த ஆவி தூணில் ஒரு மணியின் மீது படிந்து திரவமாகி, கீழிருந்து வரும் சூட்டில் மறுபடி ஆவியானால் 97 சதவீதம். தூண் செய்வது இந்த ஒரே வேலைதான்: படிதல், மீண்டும் எழுதல், ஒவ்வொரு முறையும் குறுஞ்சங்கிலியின் பங்கு கூடுதல், நெடுஞ்சங்கிலி கீழே திரும்புதல். சூட்டைக் கூட்டி ஆவியை விரட்டினால் மணிகளின் மீது படிந்தெழ அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

கனமான பகுதிகளில், எவ்வளவு நிதானமாகச் செய்தாலும் கலப்பு முழுவதும் போகாது. இது கருவியின் குறை அல்ல. பென்டேன் 36, ஹெக்சேன் 69, ஹெப்டேன் 98, ஆக்டேன் 126, நோனேன் 151, டெக்கேன் 174 என்று வரிசையாகப் பார்த்தால், ஒரு கார்பன் கூடும்போது ஏறும் வெப்பநிலை 33, 29, 28, 25, 23 என்று சுருங்கிக்கொண்டே வருவது தெரியும். 15 கார்பனுக்கும் 16 கார்பனுக்கும் இடையே சுமார் 16 டிகிரிதான் வேறுபாடு. அங்கே சரிபாதிக் கலவை ஒரு முறை ஆவியானால் 60 சதவீதத்தைக்கூட எட்டாது. ஆலையிலும் ஒற்றைச் சேர்மமாகப் பிரிக்காமல், மண்ணெண்ணெய், டீசல் என்று ஓர் எல்லைக்குள் கொதிப்பவற்றை மொத்தமாக எடுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விடைத்தாளில் வரும் கோளாறு

கருவி நன்றாக வேலை செய்து, மாணவர் பகுதிகளைச் சரியாகப் பிரித்துக் காட்டியபின், “நீண்ட சங்கிலியின் கொதிநிலை ஏன் அதிகம்?” என்ற கேள்விக்கு இரண்டு தவறான விடைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. செய்முறையில் வரும் கோளாறுகளைவிட இவற்றைச் சரிசெய்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலாவது, “கார்பன் பிணைப்புகள் அதிகம் இருப்பதால், அவற்றை உடைக்க அதிக வெப்பம் தேவை.” இதை எழுதிய மாணவரிடம் அவர் சேகரித்த முதல் பகுதியையே கொடுத்து மீண்டும் வடிக்கச் சொல்லுங்கள். அதே வெப்பநிலையில், அதே திரவமாக வரும். பிணைப்பு உடைந்திருந்தால் வேறு பொருள் அல்லவா வந்திருக்க வேண்டும்? எண்களும் இதையே சொல்கின்றன. ஒரு மோல் ஹெக்சேனைக் கொதிநிலையில் ஆவியாக்க சுமார் 29 கிலோஜூல் போதும். ஒரு மோல் கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்கவோ ஏறக்குறைய 350 கிலோஜூல் தேவை. கொதித்தல் என்பது மூலக்கூறுகள் முழுமையாக இருந்தபடியே ஒன்றையொன்று விட்டு விலகுவது.

இரண்டாவது விடை, “மூலக்கூறு கனமாக இருப்பதால்.” இது பாதி உண்மை போலத் தோன்றுவதால் ஆசிரியர்களே மதிப்பெண் கொடுத்துவிடுகிறார்கள். ஆக்டேனையும் ஐசோ ஆக்டேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இரண்டும் C8H18, மூலக்கூறு நிறை இரண்டுக்கும் 114. ஆனால் நேர்ச்சங்கிலியான ஆக்டேன் 126 டிகிரியிலும், கிளைகள் கொண்ட ஐசோ ஆக்டேன் 99 டிகிரியிலும் கொதிக்கின்றன. நிறையில் வேறுபாடே இல்லாதபோது இந்த 27 டிகிரி எங்கிருந்து வந்தது?

வடிவத்திலிருந்து வந்தது. ஹைட்ரோகார்பன் மூலக்கூறில் நிலையான மின்முனைகள் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அதன் எலக்ட்ரான்கள் அசைந்துகொண்டே இருப்பதால், ஒரு கணம் ஒரு பக்கம் சற்றே எதிர்மின் தன்மை பெறுகிறது, அது அருகிலுள்ள மூலக்கூறின் எலக்ட்ரான்களைத் தள்ளி, அங்கேயும் அதற்கு இணங்க ஒரு தற்காலிக முனையை உண்டாக்குகிறது, இரண்டும் ஈர்த்துக்கொள்கின்றன. 1930இல் ஃபிரிட்ஸ் லண்டன் இதைக் குவாண்டம் இயக்கவியலால் விளக்கியதால் இதற்கு லண்டன் விசை என்று பெயர். ஒரு தொடுபுள்ளியில் இந்த ஈர்ப்பு மிகச் சிறியது. மூலக்கூறுகள் நெருங்கித் தொட்டால்தான் செயல்படும். நேரான நீண்ட சங்கிலிகள் பெட்டகத்தில் அடுக்கிய ஓலைச்சுவடிகளைப் போல முழு நீளத்துக்கும் ஒட்டி அமையும். ஒவ்வொரு CH2 தொகுதி கூடும்போதும் தொடுபரப்பும் எலக்ட்ரான்களும் கூடி, சிறு சிறு ஈர்ப்புகள் சேர்ந்துகொண்டே போகின்றன. கிளைகள் உள்ள மூலக்கூறு உருண்டு திரண்டிருப்பதால், அண்டை மூலக்கூறை அங்கங்கேதான் தொடுகிறது. ஹெக்சேனுக்கு மோலுக்கு 29 கிலோஜூலாக இருந்த ஆவியாதல் வெப்பம் ஆக்டேனுக்கு 34, டெக்கேனுக்கு 39 என்று ஏறுவது இதனால்தான்.

“அப்படியானால் 18 மட்டுமே நிறையுள்ள நீர் ஏன் 100 டிகிரியில் கொதிக்கிறது, 86 நிறையுள்ள ஹெக்சேன் ஏன் 69இலேயே கொதித்துவிடுகிறது?” என்று ஒரு மாணவி கேட்டால், வகுப்பு சரியான பாதையில் போகிறது என்று பொருள். நீரில் இருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. ஹெக்சேனில் அது கிடையாது. எந்த விசையால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன என்பதைப் பார்க்காமல், நிறையை மட்டும் வைத்துக் கொதிநிலையைச் சொல்ல முடியாது. ஒரே குடும்பத்து நேர்ச்சங்கிலிகளை ஒப்பிடும்போது மட்டுமே நீளம் நம்பகமான வழிகாட்டி.

கண்டென்சருக்குள் வெள்ளைப் படிவு, அல்லது கண்ணாடி விரிசல்

வெப்பநிலை 150ஐத் தாண்டியபின் நீர் ஓடும் கண்டென்சர் தேவையில்லை. ஐஸ் நீர் என்றால் ஆபத்து. சுடும் ஆவிக்கும் குளிர்ந்த சுவருக்கும் உள்ள வேறுபாட்டில் கண்ணாடி விரியலாம். நீரை நிறுத்தி, கண்டென்சரில் தங்கிய நீரை வெளியேற்றிவிட்டு, கருவி ஆறியதும் நீளமான காற்றுக் கண்டென்சரை மாட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைப் படிவு மெழுகு. நீண்ட சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் அதே ஈர்ப்பு, அவற்றின் உருகுநிலையையும் உயர்த்துகிறது: 16 கார்பன் உள்ள ஹெக்சாடெக்கேன் 18 டிகிரியிலும், 20 கார்பன் உள்ள ஐகோசேன் 37 டிகிரியிலும் உருகும். ஐஸ் நீர் பட்டால் இரண்டும் குழாயிலேயே உறைந்து வழியை அடைத்துவிடும். அடைபட்ட கருவியைச் சூடாக்கினால் அழுத்தம் ஏறி மூட்டுகள் தெறிக்கும் என்பதால், படிவைக் கண்டவுடன் முதலில் மேண்டிலை அணைக்க வேண்டும். நம் பக்கத்து முன்னோர்கள் பலர் தொழில் செய்த பர்மாவில் கிடைத்த கச்சா எண்ணெயில் இந்த மெழுகு மிகுதி. 19ஆம் நூற்றாண்டில் அது லண்டன் வரை போய் மெழுகுவர்த்தியானது.

முன்னூறுக்கு மேல் வெண்புகை, கருகிய நாற்றம், இறங்கும் தெர்மாமீட்டர்

இங்கே இறக்கம் வந்தால் மேலே சொன்ன இறக்கமாக எண்ணிச் சூட்டைக் கூட்டிவிடக் கூடாது. மண்ணெண்ணெய் முடிந்து லிக்விட் பாரஃபின் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் சங்கிலிகள் மிக நீளம். அவற்றைச் சாதாரண அழுத்தத்தில் ஆவியாக்கத் தேவையான வெப்பநிலை 350 டிகிரியை நெருங்கும்போது, சங்கிலிகள் அண்டை மூலக்கூறுகளை விட்டு விலகுவதற்கு முன்பே அவற்றில் சில நடுவில் அறுபடத் தொடங்குகின்றன. மாணவர் விடைத்தாளில் தவறான இடத்தில் எழுதிய பிணைப்பு உடைதல் உண்மையில் நடப்பது இப்போதுதான். அறுந்த துண்டுகள் குறுஞ்சங்கிலிகள்; அவை குறைந்த வெப்பநிலையில் கொதிப்பதால்தான் தெர்மாமீட்டர் இறங்குகிறது. குழாயில் விழுவது இப்போது பிரிந்த பகுதி அல்ல, புதிதாக உண்டான பொருள். பெரும்பாலும் மஞ்சளித்தும் காட்டமான நெடியோடும் இருக்கும்.

இந்த எல்லையைச் சூட்டால் கடக்க முடியாது, அழுத்தத்தைக் குறைத்துத்தான் கடக்க முடியும். மணலி போன்ற இடங்களில் உள்ள சுத்திகரிப்பு ஆலைகளின் முதல் கோபுரத்துக்குக் கச்சா எண்ணெய் பொதுவாக 350–370 டிகிரி அளவில்தான் செல்கிறது. அதிலும் ஆவியாகாமல் அடியில் தங்குவதை வெற்றிடக் கோபுரத்துக்கு அனுப்புவதே ஆலைகளின் வழக்கம். வெளியழுத்தம் குறைந்தால் ஆவியழுத்தம் எட்ட வேண்டிய அளவும் குறைகிறது. சங்கிலி அறுபடாமலே ஆவியாகிறது. பள்ளி ஆய்வகத்தில் வெற்றிட வடித்தலை முயலாமல், 280 டிகிரியில் மேண்டிலை அணைத்துவிடுங்கள். குடுவையில் எஞ்சியதை முழுவதும் ஆறவிட்டு, பெயர் எழுதி ஒட்டிய கண்ணாடிப் புட்டியில் மூடி வையுங்கள். தொட்டியில் ஊற்றிக் கழுவினால், கழிவுக் குழாயில் அது படிந்து அடைக்கும்.